மண் ஆய்வு அறிக்கையில் பாஸ்பரஸ் எண்ணை எப்படி மாற்றுவது? எங்கே மாற்றக்கூடாது? — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நிலத்து மண்ணை இரண்டு ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். ஒன்றில் பாஸ்பரஸ் 46 என்று வந்திருக்கிறது, இன்னொன்றில் 14. இதில் எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எந்த முறையில் பிரித்தெடுத்தார்கள், எண் தனிமம் P-யைக் குறிக்கிறதா P2O5-ஐயா, அலகு பிபிஎம்மா, கிலோ/எக்டரா, மி.கி./லிட்டரா, எத்தனை செ.மீ. ஆழத்து மண் என்ற நான்கும் தெரிய வேண்டும்.

உங்கள் அறிக்கைகளில் முதலாவது ஓல்சன் முறை, P2O5, கிலோ/எக்டர், 15 செ.மீ. ஆழம் என்றும், இரண்டாவது பிரே-1 முறை, P, பிபிஎம் என்றும் வைத்துக்கொள்வோம். இவற்றுக்கு நடுவே இரண்டு விதமான வேறுபாடு இருக்கிறது. அலகு வேறுபாடு வெறும் கணக்கு. எந்தத் திசையில் மாற்றினாலும் ஒன்றும் தொலையாது. முறை வேறுபாடு வேதியியல். அதைக் கணக்கால் முழுமையாகக் கடக்க முடியாது. இந்த இரண்டையும் கலந்து ஒரே பெருக்கலில் முடித்துவிடப் பார்ப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. அதனால் அலகை முதலில் முடித்துவிட்டு, முறைக்கு அப்புறம் வருவோம்.

P, P2O5 இரண்டுக்கும் என்ன கணக்கு?

அணு எடைக் கணக்குதான். P2O5-இன் எடையில் 43.64 சதவீதம் பாஸ்பரஸ், மீதி ஆக்சிஜன்.

```
P    = P2O5 × 0.4364
P2O5 = P × 2.29
```

மண்ணிலும் சரி, உர மூட்டையிலும் சரி, P2O5 என்ற சேர்மம் உண்மையில் இல்லை. பழைய வேதியியல் பகுப்பாய்வில் எல்லாவற்றையும் ஆக்சைடாகக் கணக்கிட்ட வழக்கம் உர வணிகத்தில் அப்படியே தங்கிவிட்டது. மண் ஆய்வு முடிவைப் பெரும்பாலும் P என்றும், உரப் பரிந்துரையைப் பெரும்பாலும் P2O5 என்றும் எழுதுகிறார்கள். 'பெரும்பாலும்' என்பதைக் கவனியுங்கள். சில ஆய்வகங்கள் மண் எண்ணையும் P2O5 ஆகவே தருகின்றன. 'மணிச்சத்து' என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டில் எது என்று அந்தச் சொல்லே சொல்லாது.

கிலோ/எக்டரை பிபிஎம் ஆக்க 2.24-ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். அந்த 2.24 எங்கிருந்து வந்தது?

ஓர் எக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். 15 செ.மீ. ஆழம் எடுத்தால் 1,500 கன மீட்டர் மண். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 1.49 டன் என்று வைத்தால், மொத்தம் 2,240 டன். ஒரு பிபிஎம் என்பது டன்னுக்கு ஒரு கிராம். ஆக, மண்ணில் ஒரு பிபிஎம் இருந்தால் எக்டருக்கு 2,240 கிராம், அதாவது 2.24 கிலோ. ஏக்கருக்கு 20 லட்சம் பவுண்டு மண் என்ற பழைய அமெரிக்கக் கணக்கை எக்டருக்கு மாற்றினாலும் இதே எண்தான் வரும்.

உங்கள் ஆழமும் அடர்த்தியும் வேறு என்றால் இப்படி:

```
கிலோ/எக்டர் = பிபிஎம் × பரும அடர்த்தி × ஆழம்(செ.மீ.) × 0.1
```

20 செ.மீ. ஆழம், 1.3 அடர்த்தி என்றால் காரணி 2.6. 10 செ.மீ. ஆழம், அதே அடர்த்தி என்றால் 1.3.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'என் மண்ணின் அடர்த்தி 1.3 என்று அளந்து வைத்திருக்கிறேன், அதனால் அதை வைத்தே வகுக்கிறேன்' என்று சிலர் கிளம்புகிறார்கள். ஆய்வகம் உங்கள் நிலத்தின் அடர்த்தியை அளக்கவில்லை. அங்கே வந்த பிபிஎம் எண்ணை எல்லாருக்கும் பொதுவான ஒரே காரணியால் பெருக்கி அச்சடித்திருக்கிறார்கள். எந்தக் காரணியால் பெருக்கினார்களோ அதே காரணியால் வகுத்தால்தான் அவர்கள் அளந்த எண் திரும்பக் கிடைக்கும். உங்கள் சொந்த அடர்த்தி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

ஆழத்தையும் இந்தச் சூத்திரத்தால் 'சரிசெய்து' விடலாம் என்று நினைக்க வேண்டாம். பாஸ்பரஸ் மண்ணில் நகர்வது மிகக் குறைவு. உழாத நிலத்திலும், உரத்தை மேலே தூவி விடும் நிலத்திலும் மேல் சில செ.மீ.-இலேயே அது தேங்கி நிற்கும். 10 செ.மீ. வரை எடுத்த மாதிரியின் பிபிஎம், 20 செ.மீ. வரை எடுத்ததைவிட அதிகமாகவே வரும். எவ்வளவு அதிகம் என்பது அந்தந்த நிலத்தைப் பொறுத்தது, அதற்குப் பொதுக் காரணி கிடையாது.

அப்படியானால் என் 46 எவ்வளவு ஆகிறது?

46 கிலோ P2O5/எக்டர் × 0.4364 = 20.1 கிலோ P/எக்டர். அதை 2.24-ஆல் வகுத்தால் 8.96, அதாவது 9 பிபிஎம் P. உங்கள் முதல் அறிக்கை உண்மையில் சொல்வது 'ஓல்சன் P, 9 பிபிஎம்' என்பதுதான்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு காரணி 2.29, இன்னொன்று 2.24. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. P2O5-ஐ P ஆக்கிவிட்டு, கிலோவை பிபிஎம் ஆக்க மறந்தால் 20 வரும். கிலோவை பிபிஎம் ஆக்கிவிட்டு, P2O5-ஐ மறந்தால் 20.5 வரும். இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு தவறு செய்துவிட்டு, 'இருவருக்கும் 20 வந்திருக்கிறது, அப்போது சரிதான்' என்று முடிவுக்கு வந்துவிட முடியும். உண்மையான எண்ணோ 9. ஓல்சன் 20 என்றால் பல அட்டவணைகளில் மிக அதிகம், உரம் போட வேண்டியதில்லை. 9 என்றால் நடுத்தரம், உரம் தேவை.

அதனால் வகுப்பதை இரண்டு தனித்தனி வரிகளாக எழுதி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் அலகை முழுதாக எழுதுங்கள். '20.1' என்று மட்டும் எழுதாமல் '20.1 கிலோ P/எக்டர்' என்று எழுதினால், இன்னும் ஒரு படி பாக்கி இருப்பது கண்ணில் படும்.

அறிக்கையில் P-யா P2O5-ஆ என்று போடவே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வகத்தைக் கேட்பதுதான் முதல் வழி. 'மண்ணின் எடை அடிப்படையில் பிபிஎம் P எவ்வளவு வந்தது?' என்று இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள். அவர்களுடைய பதிவேட்டில் அந்த எண் இருக்கும்.

கேட்க முடியாத பழைய அறிக்கை என்றால், அதே ஆய்வகத்தின் வேறு அறிக்கை எதிலாவது பிபிஎம், கிலோ/எக்டர் என்ற இரண்டு பத்தியும் இருக்கிறதா என்று தேடுங்கள். கிலோ எண்ணை பிபிஎம் P எண்ணால் வகுத்தால், விடை 2.24-ஐ ஒட்டி வந்தால் அது கிலோ P. 5.1-ஐ ஒட்டி வந்தால் அது கிலோ P2O5, ஏனென்றால் 2.24-ஐ 2.29-ஆல் பெருக்கினால் 5.13. விடை 2 என்றால் ஏக்கருக்கு பவுண்டு கணக்கு, அல்லது எக்டருக்கு 20 லட்சம் கிலோ மண் என்று எடுத்த கணக்கு.

இன்னொரு அறிகுறியும் உண்டு. ஒரே நிலத்தில், ஒரே முறையில், ஓர் ஆண்டுக்குள் பாஸ்பரஸ் எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவதோ பாதிக்குக் கீழே இறங்குவதோ சாதாரணமாக நடக்காது. பெரிய அளவில் எருவோ உரமோ போடாமல் எண் திடீரென்று ஏறத்தாழ 2.3 மடங்கு மாறியிருந்தால், மண்ணைச் சந்தேகிக்கும் முன் அலகைச் சந்தேகியுங்கள்.

மி.கி./லிட்டர் என்று வந்திருக்கிறது. அதுவும் பிபிஎம்மும் ஒன்றுதானே?

இல்லை. அதற்குள் இரண்டு வேறு பொருள் ஒளிந்திருக்கலாம்.

ஒன்று, வடிகட்டிய கரைசலின் செறிவு. இது முடிவு அல்ல, இடைநிலை எண். ஓல்சன் முறையில் ஒரு பங்கு மண்ணுக்கு 20 பங்கு கரைசல். கரைசலில் 0.45 மி.கி./லிட்டர் என்று அளந்தால், 20-ஆல் பெருக்கி மண்ணில் 9 மி.கி./கிலோ என்று வரும். பிரே-1, மெஹ்லிக்-3 ஆகிய இரண்டு முறைகளிலும் வழக்கமாக 1:10, அதனால் பெருக்கல் 10. கருவியிலிருந்து நேரடியாக வந்த தாளைக் கையில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, மண்ணை எடை போடாமல் கரண்டியால் கொள்ளளவாக அள்ளி எடுக்கும் ஆய்வகங்களின் முடிவு. பிரிட்டனில் ஓல்சன் P இப்படித்தான் ஒரு லிட்டர் மண்ணுக்கு இத்தனை மி.கி. என்று தரப்படுகிறது. இதை எடைக் கணக்குக்கு மாற்ற, உலர்த்தி அரைத்த மண்ணின் அடர்த்தியால் வகுக்க வேண்டும். சாதாரணக் கனிம மண்ணில் அந்த அடர்த்தி ஒன்றை ஒட்டியே இருப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. இலைமக்கு நிறைந்த கரிம மண்ணில் நிலைமை வேறு. அடர்த்தி 0.6 என்றால், 20 மி.கி./லிட்டர் என்பது 33 மி.கி./கிலோ. மண்ணை மாற்றாமலே எண் இப்படி ஏறிவிடுகிறது. ஆனால் பரிந்துரை அட்டவணையே மி.கி./லிட்டரில் இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே பாருங்கள்.

சரி, இப்போது ஒரே அலகில் ஓல்சன் 9, பிரே 14. அளந்தது ஒரே மண். ஏன் இன்னும் வேறுபடுகிறது?

மண்ணில் 'பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ்' என்று தனியாக ஒரு சரக்கு அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. சுண்ணாம்போடு சேர்ந்தது, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேற்பரப்பில் ஒட்டியது, கரிமப் பொருளோடு பிணைந்தது என்று பல வடிவங்களில் அது கிடக்கிறது. ஒவ்வொரு கரைசலும் இவற்றில் தனக்கு எட்டுவதைத் தன் வழியில் எடுக்கிறது.

1945-இல் பிரே, குர்ட்ஸ் இருவரும் வெளியிட்ட பிரே-1 கரைசலில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியம் புளோரைடும் இருக்கின்றன. புளோரைடு அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ள, அதில் ஒட்டியிருந்த பாஸ்பேட் விடுபடுகிறது. அமிலத் தன்மையும் நடுநிலைத் தன்மையும் உள்ள மண்ணை மனதில் வைத்துச் செய்தது இது.

ஓல்சனும் அவருடைய சகாக்களும் 1954-இல் வெளியிட்ட முறையில், பி.எச். 8.5-க்குச் சரிசெய்த 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட்டில் மண்ணை 30 நிமிடம் குலுக்குகிறார்கள். பைகார்பனேட் கரைசலில் உள்ள கால்சியத்தைச் சுண்ணாம்பாக வீழ்படிய வைக்கிறது. கால்சியம் குறையக் குறைய, கால்சியம் பாஸ்பேட் கரைந்து அந்த இடத்தை நிரப்ப முயல்கிறது. சுண்ணாம்பு மண்ணுக்காகவே வந்த முறை இது. நடுநிலை மண்ணிலும் ஓரளவு அமில மண்ணிலும்கூட ஒழுங்காக வேலை செய்கிறது.

இவை ஒரே பொருளை இரண்டு அளவுகோலில் அளப்பவை அல்ல. இரண்டு வெவ்வேறு பகுதிகளை அளப்பவை. சுண்ணாம்பு இல்லாத மண்ணில் ஓல்சன் எண் பொதுவாக பிரே எண்ணைவிடக் குறைவாக வரும் என்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். உங்கள் 9-உம் 14-உம் அந்த வகை.

அப்படியானால் பிரேவை ஓல்சனாக்க ஒரு காரணி கொடுங்களேன். 0.6, 0.65 என்றெல்லாம் சொல்கிறார்களே?

அந்தக் காரணிகள் ஏதோ ஒரு பகுதியின் மண் மாதிரிகளிலிருந்து வந்த சராசரி. களிமண் வகை, சுண்ணாம்பு, பி.எச்., இதுவரை போட்ட உர வகை மாறினால் காரணியும் மாறும். என் கருத்தில், உரப் பரிந்துரைக்கு அதை எடுக்கவே வேண்டாம், பெரும்பாலும் அதற்குத் தேவையும் இல்லை.

ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது எண் அல்ல, வகுப்பு. அதாவது, இந்த மண்ணில் உரம் போட்டால் விளைச்சல் கூடுமா என்ற கேள்விக்கான பதில். நல்ல பரிந்துரை அமைப்புகள் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக வயல் சோதனை செய்து, அந்தந்த முறைக்கு எல்லைகளை வகுத்திருக்கின்றன. உதாரணத்துக்கு, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் மக்காச்சோளத்துக்குத் தந்திருக்கும் எல்லைகளை பிபிஎம் P-இல் பார்ப்போம்:

| வகுப்பு | பிரே-1 | ஓல்சன் |
|---|---|---|
| மிகக் குறைவு | 0–5 | 0–3 |
| குறைவு | 6–10 | 4–7 |
| நடுத்தரம் | 11–15 | 8–11 |
| அதிகம் | 16–20 | 12–15 |
| மிக அதிகம் | 21-உம் அதற்கு மேலும் | 16-உம் அதற்கு மேலும் |

உங்கள் பிரே 14 நடுத்தரம். உங்கள் ஓல்சன் 9-உம் நடுத்தரம். இரண்டு ஆய்வகமும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன. முதலில் 46, 14 என்று முரண்பட்டுத் தெரிந்தது அலகாலும் முறையாலும் வந்த தோற்றம்.

இந்த அட்டவணையைத் தூக்கிக்கொண்டு போய் எல்லா ஊர் மண்ணுக்கும் போடக்கூடாது. உங்கள் பயிருக்கும் உங்கள் மண் வகைக்கும் வயலில் சோதித்து வகுத்த எல்லை எதுவோ, அதைத்தான் பார்க்க வேண்டும். நான் காட்ட வந்தது வழியை மட்டும். எண்ணை எண்ணாக மாற்றாமல், ஒவ்வொரு எண்ணையும் அதன் சொந்த முறையின் அட்டவணையில் வைத்து வகுப்பைப் படிக்க வேண்டும். அப்புறம் வகுப்புகளை ஒப்பிடலாம்.

உங்களிடம் இருப்பது பிரே எண், உங்கள் பகுதிப் பரிந்துரையில் இருப்பது ஓல்சன் அட்டவணை மட்டும் என்றால், மாதிரியை இன்னொரு முறை ஓல்சனுக்குக் கொடுப்பதுதான் நேர்வழி. காய வைத்துச் சலித்த மண் மிச்சம் இருந்தால், அதே ஆய்வகத்தில் அதையே மறுபடி சோதிக்கச் சொல்லலாம்.

எனக்கு பிரே 3, ஓல்சன் 12 என்று தலைகீழாக வந்திருக்கிறது. இது எப்படி?

உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அனேகமாக அதுதான் காரணம். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பிரே-1 கரைசலில் அமிலம் 0.025 மோலார். ஒரு கிராம் மண்ணுக்கு 10 மி.லி. கரைசல். அதாவது ஒரு கிராம் மண்ணுக்கு 0.25 மில்லிமோல் அமிலம். ஒரு மில்லிமோல் அமிலத்தை நடுநிலையாக்க 50 மி.கி. கால்சியம் கார்பனேட் போதும். ஆக, 0.25 மில்லிமோலுக்கு 12.5 மி.கி. ஒரு கிராமில் 12.5 மி.கி. என்றால் 1.25 சதவீதம். உங்கள் மண்ணில் நுண்ணிய சுண்ணாம்பு வெறும் ஒன்றேகால் சதவீதம் இருந்தாலே, பிரே கரைசலின் அமிலம் முழுவதையும் தின்று தீர்க்கும் அளவு இருக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இதைப்போலப் பல மடங்கு இருப்பது சாதாரணம்.

அதோடு, கரைந்து வரும் கால்சியம் புளோரைடோடு சேர்ந்து கால்சியம் புளோரைடாக வீழ்படிகிறது. வேலை செய்ய வேண்டிய புளோரைடும் போச்சு, அந்த வீழ்படிவு பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்ளும். அதனால் பிரே எண் பொய்யாகக் குறைகிறது. அந்த 3-ஐ எந்தக் காரணியால் பெருக்கினாலும் உண்மை வராது, ஏனென்றால் அது பாஸ்பரஸின் அளவைச் சொல்லவில்லை, கரைசல் செயலிழந்ததைச் சொல்கிறது. ஓல்சன் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மின்னசோட்டா பரிந்துரையிலும் பி.எச். 7.4-க்கு மேல் போனால் ஓல்சனைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு சிட்டிகை மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் பிரே எண்ணைத் தள்ளி வையுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ராக் பாஸ்பேட் போட்ட நிலத்தில் மெஹ்லிக்-1 போன்ற வலுவான அமிலக் கரைசல், இன்னும் கரையாமல் கிடக்கும் உரத் துகளையே கரைத்துவிடும். பயிருக்கு எட்டாத பாஸ்பரஸ் அறிக்கையில் ஏறிவிடும். அங்கே எண் பொய்யாக அதிகம்.

மெஹ்லிக்-3 எண்ணை பிரே அட்டவணையில் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு. மெஹ்லிக் 1984-இல் வெளியிட்ட இந்தக் கரைசலிலும் அமிலமும் புளோரைடும் இருப்பதால், சுண்ணாம்பில்லாத மண்ணில் எண் பிரேவோடு ஒட்டியே போகும். அந்த ஒட்டுதல், கரைசலை மாலிப்டினம் நீல நிறமாக்கி நிறமானியில் அளந்தால்தான்.

பல ஆய்வகங்கள் இப்போது ஐ.சி.பி. கருவியில் அளக்கின்றன. ஒரே ஓட்டத்தில் பொட்டாசியம், கால்சியம் எல்லாம் கிடைத்துவிடும் என்பதால் அது அவர்களுக்கு வசதி. நிறமானி பெரும்பாலும் கனிம பாஸ்பேட்டை மட்டும் பார்க்கிறது. ஐ.சி.பி. கரைசலில் உள்ள கரிம பாஸ்பரஸையும் சேர்த்து எரித்து அளந்துவிடுகிறது. அதனால் அதே குடுவையில், அதே கரைசலில் ஐ.சி.பி. எண் கூடுதலாக வரும். பாஸ்பரஸ் குறைவான மண்ணில் அந்தக் கூடுதல் விகிதத்தில் பெரிதாகத் தெரியும். உரம் தேவையா இல்லையா என்று முடிவெடுக்கும் இடமும் அதுதான். கேட்க வேண்டிய கேள்வி: 'மெஹ்லிக்-3 நிறமானியா, ஐ.சி.பி.யா?' ஐ.சி.பி. என்றால் அதற்கென்று வகுத்த அட்டவணைதான் வேண்டும்.

பத்து வருட பிரே பதிவுகள் கையில் இருக்கின்றன. இனி ஓல்சனுக்கு மாறுகிறோம். பழையதை எறிந்துவிட முடியாதே, சமன்பாடு வேண்டாமா?

இது நியாயமான தேவை. அப்போது சமன்பாட்டை வெளியிலிருந்து எடுக்காமல் நீங்களே உருவாக்குங்கள். உங்கள் நிலங்களிலிருந்தே குறைவு முதல் அதிகம் வரை பரவலாக மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள். முப்பதுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. ஒவ்வொரு மாதிரியையும் உலர்த்திச் சலித்து, நன்றாகக் கலந்து இரண்டாகப் பிரித்து, ஒரே ஆய்வகத்தில் இரண்டு முறையிலும் சோதியுங்கள். நுரைக்கும் மண்ணைத் தனிக் கூட்டமாக ஒதுக்கிவிடுங்கள். அதையும் கோட்டுக்குள் சேர்த்தால் முழுக் கோடும் சாயும்.

எந்த எண்ணைக் கணிக்க வேண்டுமோ அதை நிலைக்குத்து அச்சில் வைத்துக் கோடு பொருத்துங்கள். பிரேவிலிருந்து ஓல்சனைக் கணிக்கப் பொருத்திய கோட்டை, இயற்கணிதத்தில் திருப்பிப் போட்டு ஓல்சனிலிருந்து பிரேவைக் கணிக்கக் கூடாது. புள்ளிகள் சிதறியிருக்கும்போது பொருத்திய கோடு எப்போதும் சற்றுத் தட்டையாக வரும். அதைத் திருப்பினால் செங்குத்து கூடி, உயர்ந்த எண்ணை இன்னும் உயர்த்தும், தாழ்ந்ததை இன்னும் தாழ்த்தும். எதிர்த்திசை வேண்டும் என்றால் எதிர்த்திசையில் புதிதாகப் பொருத்த வேண்டும்.

அப்புறம், கோட்டின் பொருத்தம் எத்தனை சதவீதம் என்பதைவிட, புள்ளிகள் கோட்டிலிருந்து எத்தனை பிபிஎம் விலகுகின்றன என்பதைப் பாருங்கள். ஒரு கற்பனைச் சமன்பாடு எடுப்போம்: ஓல்சன் = 1.5 + 0.54 × பிரே. பிரே 14 என்றால் ஓல்சன் 9.1 வரும். அழகாக இருக்கிறது. ஆனால் புள்ளிகளின் திட்ட விலக்கம் 3 பிபிஎம் என்றால், இரு பக்கமும் அதன் இரண்டு மடங்கு வரை விலகலாம் என்பதால், தனி ஒரு மாதிரியின் உண்மையான ஓல்சன் எண் 3 முதல் 15 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மேலே உள்ள அட்டவணையில் அது 'மிகக் குறைவு' முதல் 'அதிகம்' வரை. பத்து வருடப் போக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இந்தச் சமன்பாடு உதவும். ஒரு குறிப்பிட்ட வயலுக்கு இந்தப் பருவம் எவ்வளவு உரம் என்று சொல்ல உதவாது. மாற்றிய எண்களை வரைபடத்தில் வேறு நிறத்தில் குறியுங்கள், அளந்தவையோடு கலந்துவிட வேண்டாம்.

மண்ணில் எக்டருக்கு 20 கிலோ P இருக்கிறது என்று கணக்கு வந்தது. பயிர் எடுப்பதும் அவ்வளவுதான். கழித்துப் பார்த்தால் உரமே வேண்டாம் போலிருக்கிறதே?

கிலோ/எக்டர் என்ற அலகு செய்கிற பெரிய கெடுதல் இதுதான். அந்த 20 கிலோ மண்ணில் இருக்கும் கையிருப்பு அல்ல. மண்ணின் மொத்த பாஸ்பரஸ் வழக்கமாகச் சில நூறு பிபிஎம், எக்டருக்கு ஆயிரம் கிலோவைக்கூடத் தாண்டும். ஓல்சன் கரைசல் 30 நிமிடத்தில் அதிலிருந்து இழுத்தது 9 பிபிஎம். குலுக்கும் நேரத்தையோ கரைசலின் வெப்பநிலையையோ மாற்றினால் இந்த எண்ணும் மாறும். பிரே கரைசலோ அதே மண்ணில் 14 எடுத்தது, அதைப் பெருக்கினால் 31 கிலோ வரும். எது உண்மையான கையிருப்பு? இரண்டுமே இல்லை. உரம் போட்டால் பயிர் எவ்வளவு தூரம் பதில் சொல்லும் என்பதற்கான குறியீடுதான் இது. குறியீட்டிலிருந்து பயிரின் தேவையைக் கழிக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. நான் எப்போதும் பிபிஎம்மில் வைத்துப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம். அந்த அலகில் கழிக்கும் ஆசை வராது.

பரிந்துரையில் '40 கிலோ பாஸ்பரஸ்' என்று இருக்கிறது. எத்தனை கிலோ உரம் போடுவது?

முதலில் அந்த 40 எது என்று உறுதி செய்யுங்கள். P2O5 என்றால், 16 சதவீத சூப்பர் பாஸ்பேட்டில் 40 ÷ 0.16 = 250 கிலோ. 46 சதவீத டிஏபி-யில் 40 ÷ 0.46 = 87 கிலோ. டிஏபி-யில் 18 சதவீதம் தழைச்சத்தும் இருப்பதால், அந்த 87 கிலோவோடு ஏறத்தாழ 16 கிலோ நைட்ரஜனும் போய்ச் சேரும். அதை யூரியா கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள்.

40 கிலோ என்பது தனிமம் P என்றால், அது 91.6 கிலோ P2O5, அதாவது சூப்பர் பாஸ்பேட் 573 கிலோ. மூட்டையில் அச்சிட்டிருக்கும் சதவீதம் பெரும்பாலான நாடுகளில் P2O5 கணக்கு, ஆஸ்திரேலியாவைப் போன்ற சில இடங்களில் தனிமம் P கணக்கு. பரிந்துரையும் மூட்டையும் ஒரே கணக்கில் இருக்கின்றனவா என்று வகுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.